தானியங்கி லிங்க் பிளகினை எடுத்த பிறகு

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடி கல் செய்து விற்கும் ஒரு பட்டறையின் இணையதளத்தைச் சில வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். முதலில் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் உள் இணைப்புகளை ஒரு பிளகின்தான் போட்டது. ஒரு சொல்லையும் அதற்கான பக்கத்தையும் கொடுத்துவிட்டால், அந்தச் சொல் வரும் இடமெல்லாம் லிங்க் விழும். தமிழுக்கு அது ஒத்துவரவில்லை. "ஆத்தங்குடி கல்" என்று கொடுத்திருந்ததால், "ஆத்தங்குடி கல்யாண வீடு" என்ற வரியில் "கல்" வரை நீலமாகி "யாண" கறுப்பாக நின்றது. "ஆத்தங்குடிக் கற்கள்" என்று எழுதிய இடத்தையோ அது தொடவே இல்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், விலை, பதிக்கும் முறை, பராமரிப்பு என்ற மூன்று பக்கங்களுக்கும் வெவ்வேறு கட்டுரைகளில் "ஆத்தங்குடி டைல்ஸ்" என்ற ஒரே பெயரில் லிங்க் இருந்தது. விலையைத் தேடியவர்களுக்குப் பராமரிப்புப் பக்கம் வந்தது. "ஒரே பேரா இருந்தாத்தானே தம்பி கூகுளுக்குப் புரியும்?" என்றார் பட்டறைக்காரர். ஒரே பக்கத்துக்கு ஒரே பெயர் என்றால் பெரிய கெடுதல் இல்லை, அண்ணே; ஒரே பெயர் மூன்று பக்கங்களைக் காட்டினால்தான் எது எதைப் பற்றியது என்று தெரியாமல் போகும் என்றேன்.

இதைக் கண்டுபிடிக்க கூகுளின் Search Console உதவாது. அதில் உள் இணைப்புகளின் எண்ணிக்கை தெரியும், லிங்க் எந்தச் சொல்லில் இருக்கிறதோ அந்த ஆங்கர் டெக்ஸ்ட் தெரியாது. தளத்தின் பக்கங்களை அலசும் மென்பொருளான Screaming Frog-இன் இலவசப் பதிப்பு 500 முகவரிகள் வரை அலசும். எங்களுக்கு அது போதும். `Bulk Export > Links > All Inlinks` கோப்பை எடுத்து Anchor பத்தியை வரிசைப்படுத்தினால், ஒரே சொல்லுக்கு எதிரே இரண்டு முகவரிகள் நிற்பது கண்ணில் படும்.

பிளகினை எடுத்துவிட்டுக் கையால் எழுதினேன். பராமரிப்புப் பக்கத்துக்கு இப்போது வரும் லிங்க்குகளைப் பாருங்கள். வளவு பற்றிய கட்டுரையில் "தரைக்குத் தேங்காய் எண்ணெய் துடைப்பது", புதுவீட்டுக் கட்டுரையில் "பதித்த கல்லின் பளபளப்பைக் காப்பது", விலைப் பக்கத்தில் "கறை போக்கும் வழி". மூன்றும் மூன்று விதம், ஆனால் பொருள் பராமரிப்பை விட்டு நகரவில்லை. வாக்கியத்தை முதலில் எழுதிவிட்டு, அதில் போகும் பக்கத்தின் பொருளைச் சொல்லும் நான்கைந்து சொற்களில் லிங்க் வைத்தாலே வேறுபாடு தானாக வந்துவிடும். அகராதியைப் புரட்டி மாற்றுச்சொல் தேடினால் செயற்கையாகத்தான் இருக்கும். மெனுவில் "பராமரிப்பு" என்ற ஒரே சொல்லே எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. அதைத் தொட வேண்டியதில்லை.

விலைத் தேடலுக்கு விலைப் பக்கமே வர சில மாதங்கள் ஆயின. பக்கத் தலைப்புகளையும் அப்போதே திருத்தினோம் என்பதால் முழுப் பெருமையும் லிங்க்குக்குச் சேராது. நேரம்தான் அதிகம் பிடிக்கிறது: புதுக் கட்டுரை வரும்போதெல்லாம் பழையவற்றைத் திறந்து பார்க்க வேண்டும்.

படத்தில் வைத்த லிங்க்குக்கு, படத்தை விவரிக்க எழுதும் alt எழுத்துதான் ஆங்கர். எங்கள் டிசைன் படங்களில் பாதிக்கு மேல் இன்னும் கேமரா கொடுத்த கோப்புப் பெயர்தான் அந்த இடத்தில் கிடக்கிறது. அடுத்த வேலை அது.