ஐ10 பேட் டப்பாவும் ஜி.பி. ரோடு பெரியவரும்

இந்தத் தடவை சென்னைக்குப் போனபோது விமானம் நேரத்துக்கு இறங்கியது, பெட்டி வந்து சேர்ந்தது, வங்கி வேலையும் முடிந்தது. அதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது? அப்பாவின் ஹூண்டாய் ஐ10-க்கு முன் சக்கர பிரேக் பேட் வாங்கியது மட்டும்தான் இன்னும் மனதில் உட்கார்ந்திருக்கிறது.

பிரேக் மிதித்தால் கீச் என்று ஒரு சத்தம். உள்பக்கப் பேட்டில் ஒரு சின்ன எஃகுத் தகடு வைத்திருப்பார்கள். பேட்டின் உராயும் பகுதியான லைனிங் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கை உரசிக் கத்தும். கத்துவதுதான் அதன் வேலை. பக்கத்துத் தெரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பேட் போயிடுச்சு சார், வாங்கிக் குடுத்துடுங்க, மாட்டித் தர்றேன்" என்றார். முன்பெல்லாம் இந்த இடத்தில் கதை முடிந்துவிடும். பழைய பேட்டை தினத்தந்தியில் சுருட்டி ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினால், சாயங்காலம் அதே மாதிரி புதுசு வந்துவிடும். இப்போது யாரும் நகர்வதில்லை, எல்லாம் வாட்ஸ்அப்.

வீட்டுப் பக்கத்து ஸ்பேர்ஸ் கடையிலிருந்து படம் வந்தது. டப்பாவின் முன்பக்கம், கம்பெனிப் பெயர், பளபளக்கும் டிஸ்க் ஓவியம், கீழே கொட்டை எழுத்தில் ஐ10. "சூட் ஆகும் சார், ஜிபே பண்ணிடுங்க."

இங்கேதான் எனக்குள் இருந்த லெஸ்டர்க்காரன் விழித்துக்கொண்டான். பிரிட்டனில் நம்பர் பிளேட்டை இணையத்தில் தட்டினால் அந்த வண்டிக்கு உரிய பேட் திரையில் வந்து நிற்கும். தப்பாக வந்தால் திருப்பி அனுப்பலாம். இங்கே பில்லின் அடியிலேயே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள். அப்படியானால் உறுதி செய்ய வேண்டியதெல்லாம் பணம் போவதற்கு முன்னால்தானே?

ஐ10 என்று மட்டும் போட்டிருந்தால் அது எந்த ஐ10? 2007-இல் வந்தது ஒன்று, 2013-இல் வந்த கிராண்ட் ஐ10 இன்னொன்று, 2019-இல் வந்த நியோஸ் மூன்றாவது. பெயரில்தான் உறவு, வண்டிகள் வேறு வேறு. அப்பாவுடையது முதலாவது. டப்பாவின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கடைக்காரர் டப்பாவைத் திறந்து, பேட்டின் ஓரத்தில் வெள்ளைப் பெயின்டில் இருந்த எழுத்துகளைப் படம் எடுத்து அனுப்பினார். கடைசியில் FF என்று இருந்தது. "நம்பர் இதான் சார்."

அது பாகத்தின் எண்ணே இல்லை. லைனிங் எவ்வளவு பிடிக்கும் என்று காட்டும் தரக் குறியீடு. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில், இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு. F என்றால் உராய்வுக் கெழு 0.35-க்கு மேல் 0.45 வரை, G என்றால் அதற்கு மேல் 0.55 வரை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பத்து வண்டிகளின் பேட்களில் இதே FF இருக்கலாம். பொருந்துமா என்ற கேள்விக்கு அதில் ஒரு பதிலும் கிடையாது.

மறுபடி கேட்டேன். லேபிள் வந்தது, கலங்கலாக. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது சின்ன எழுத்துகள்தான் முதலில் கரையும். 8 எது, B எது என்று தெரியாது. "டாக்குமென்ட்டா போட்டு அனுப்புங்க" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு எனக்கே கேட்டது. ஆனால் படம் தெளிவாக வந்தது.

ஹூண்டாய் ஒரிஜினல் பாகத்தின் எண் பத்து எழுத்து, ஐந்தும் ஐந்துமாகப் பிரியும். முதல் ஐந்து, அது என்ன பொருள் என்று சொல்லும். 58101 என்றால் முன் பேட், 58302 என்றால் பின் பேட், 28113 என்றால் ஏர் ஃபில்டர். அடுத்த ஐந்தின் தொடக்கம் அந்தப் பாகம் முதலில் எந்த வண்டிக்காக உருவானதோ அதைக் காட்டும். பழைய ஐ10-க்கு 0X, கிராண்ட் ஐ10-க்கு B4, ஐ20-க்கு 1J. ஒரே பாகத்தை இரண்டு வண்டிக்குப் போடும்போது மூத்த வண்டியின் குறியே தொடரும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் சந்தேகப்பட இது போதும். வந்த படத்தில் 58101 சரியாக இருந்தது, அடுத்தது B4. கிராண்ட் ஐ10 சரக்கு. சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதான் சார், கொஞ்சம் ஃபைல் போட்டு ராவினா உட்காந்துரும்" என்று பதில் வந்தது. பிரேக்குக்கு அரம்!

நடுவில் இன்னொரு டப்பாக் கதையும் உண்டு. லெஸ்டரில் என் மைத்துனரிடமும் ஐ10 இருக்கிறது. அதுவும் நம் இருங்காட்டுக்கோட்டையில் செய்து கப்பலேறிப் போனதுதான். "அதே வண்டி, அதே ஃபாக்டரி, மாமாவுக்குக் கொண்டு போங்க" என்று ஆசையாக ஒரு செட் என் பெட்டியில் திணித்திருந்தார். லேபிளில் 58302. அவருடைய வண்டிக்குப் பின்னாலும் டிஸ்க். அப்பாவுடையதற்குப் பின்னால் டிரம், அதற்குள் இருப்பது பேட் இல்லை, பிரேக் ஷூ. அவ்வளவு கனமான இரும்பைக் கடல் தாண்டித் தூக்கி வந்தேன், இப்போது மாடியில் துணி பறக்காமல் இருக்க உதவுகிறது. நம்பர் பிளேட் தேடல் அவருடைய வண்டிக்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறது. அந்த பதில் ஏற்றுமதி வண்டிக்கு மட்டும்.

கடைசியில் அப்பா, "டேய், பேசாம ஜி.பி. ரோட்டுக்குப் போடா" என்றார்.

சென்னையில் வண்டி ஸ்பேர்ஸ் கடைகள் நிறைந்த தெரு அது. அங்கே ஒரு பழைய கடை, உத்தரம் வரை டப்பா அடுக்கு, கல்லாவில் ஒரு பெரியவர். மெக்கானிக் வண்டியிலிருந்து பேட்டைக் கழற்றிவிட்டால் அப்பா நகர முடியாது என்பதால் என்னிடம் படம்தான் இருந்தது. அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து மெக்கானிக்கே எடுத்துக் கொடுத்தது. நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர், அதை வைத்துப் பேட்டின் நீளத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்பது ஏற்பாடு. பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

"காசு தரையில கெடக்கு தம்பி. பேட்டோட முதுகுத் தகடு அதுக்கு மேல தூக்கி நிக்குது. எப்படி அளப்பீங்க?"

கணக்குப் போட்டால் அவர் சொன்னது அப்படியே வருகிறது. தேய்ந்த பேட், லைனிங்கும் அது ஒட்டியிருக்கும் முதுகுத் தகடுமாக எட்டு மில்லிமீட்டர் தடிமன் என்று வைப்போம். போனை முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் பிடித்தால் தகட்டின் மேல்பக்கம் நாணயத்தைவிட அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது. எனவே கிட்டத்தட்ட மூன்று சதவீதம் பெரிதாகத் தெரியும். பதினொரு சென்டிமீட்டர் நீளப் பேட்டில் அது மூன்று மில்லிமீட்டர் பிசகு. லைனிங் கீழே இருக்கும்படி பேட்டைக் கவிழ்த்து, நாணயத்தைத் தகட்டின் மேலேயே வைத்து, நேர் மேலிருந்து, இன்னும் தள்ளி நின்று ஜூம் செய்து எடுக்க வேண்டுமாம். மெக்கானிக்குக்கு போன் போட்டேன், புதுப் படம் ஐந்து நிமிடத்தில் வந்தது.

பெரியவர் படத்தில் நீளத்தை அவ்வளவாகப் பார்க்கவில்லை. இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளைத்தான் பார்த்தார். காது சதுரமா, ஓரம் வெட்டியதா, மையத்துக்கு மேலா கீழா, கத்துகிற தகடு எந்தப் பக்க முனையில் இருக்கிறது. "படம் பாத்து இது இல்லேன்னு சொல்லிடுவேன். இதுதான்னு சொல்ல மாட்டேன்" என்றார். பேட்டைத் தாங்கி டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரை ஒரே வண்டிக்கு இரண்டு கம்பெனி சப்ளை செய்திருந்தால் வருடமும் மாடலும் கூடக் காப்பாற்றாது என்பது அவர் வாதம். யோசித்துப் பார்த்தால் லெஸ்டரிலும், பிளேட்டைத் தட்டிய பிறகு சில வண்டிகளுக்கு 'உங்கள் காலிப்பர் எந்த கம்பெனி?' என்று திரை திருப்பிக் கேட்கத்தான் செய்கிறது.

அடுத்து ஆர்.சி.யைக் கேட்டார். பதினேழு எழுத்துச் சேஸிஸ் எண்ணையும் தயாரித்த மாதத்தையும் அவருடைய மகன் கம்ப்யூட்டரில் அடித்தார். சேஸிஸ் எண்ணில் I, O, Q மூன்றும் வரவே வராது, ஆகவே வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான் என்று போகிறபோக்கில் ஒரு பாடம். பாக எண் திரையில் வந்தது. 58101, பிறகு 0X. பரணிலிருந்து இறங்கிய டப்பாவின் லேபிளில் ஓர் எழுத்து பாக்கியில்லாமல் பத்தையும் விரல் வைத்து ஒப்பிட்டார். வேறு கம்பெனி டப்பாவும் ஒன்று காட்டினார். அதில் அவர்களுடைய சொந்த எண்தான் இருக்கும், அதை ஒரிஜினல் எண்ணோடு கோத்துப் பார்க்க அந்தக் கம்பெனியின் கேட்டலாக் வேண்டும். அதில் ஒவ்வொரு பேட்டுக்கும் அகலம், உயரம், தடிமன் போட்ட கோட்டுப்படம் உண்டு. அவர் அந்தப் புத்தகத்தில் படத்தைக் காட்டி, நாணயக் கணக்கோடு ஒத்துப்போகிறது என்பதையும் காட்டினார். இத்தனைக்கும் நான் வாங்கியது ஒரிஜினல்தான்.

"மாட்டறதுக்கு முன்னாடி பழசு முதுகோட புதுசு முதுகைச் சேத்து வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. காது கிளிப்புல கையால தள்ளினா போகணும். சுத்தியல எடுத்தா திருப்பிக் கொண்டாங்க, நான் மாத்தித் தர்றேன். ஆனா பிரேக் ஆயில், கிரீஸ் பட்டா எடுத்துக்க மாட்டேன்."

திருப்பி எடுத்துக்கொள்வார்! பில்லின் அடியில் அந்தப் பழைய வாசகம் இங்கேயும் அச்சில் இருந்தது, அது வேறு விஷயம்.

வீட்டில் மெக்கானிக் அப்படியே செய்தார். முதுகோடு முதுகு, காதோடு காது. புதுசு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. இறுகி நின்றால் பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கைப் பிடித்தபடியே இருந்து சக்கரம் கொதிக்கும். தளர்ந்திருந்தால் முன்னே பின்னே எடுக்கும்போது 'டொக்' என்று தட்டும். இரண்டும் இல்லை. புதுப் பேட்டுக்கு இடம்விட காலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் வண்டியைக் கிளப்பும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்கச் சொன்னார். முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் சடன் பிரேக் வேண்டாம் என்றும் சொன்னார். அப்பா தலையாட்டினார். தாம்பரம் சிக்னலில் அதை யார் கடைப்பிடிக்க முடியும் என்று தெரியவில்லை.

பக்கத்துக் கடைக்காரர் விடவில்லை. நான் கிளம்புவதற்குள் ஏர் ஃபில்டர் டப்பா ஒன்றின் படம் அனுப்பினார். மறுபடி முன்பக்கம் மட்டும்தான், கீழே ஐ10. லேபிளைக் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.