400 நிட் மானிட்டருடன் மூன்று ஆண்டுகள்: எச்டிஆர் ஸ்டிக்கரும் கறுப்பு நிறமும்

2022 இறுதியில் 27 அங்குல ஐபிஎஸ் வகை எல்சிடி மானிட்டர் ஒன்றை வாங்கினேன். அதே நிறுவனத்தின் அதே அளவுள்ள, அதே தெளிவுள்ள இன்னொரு மாடல் சுமார் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தது. நான் தேர்ந்தெடுத்த மாடலின் பெட்டியில், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே கூடுதல் வேறுபாட்டைக் காட்டும் எச்டிஆர் வசதிக்கான டிஸ்ப்ளே எச்டிஆர் 400 என்ற முத்திரை இருந்தது, மற்றதில் இல்லை. அந்த முத்திரைக்காகவே கூடுதல் பணத்தைக் கொடுத்தேன். இத்தனை காலம் நாள்தோறும் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பயன்படுத்திய பிறகு, அந்தப் பணம் எதற்குப் பயன்பட்டது என்பதை ஓரளவு துல்லியமாகவே சொல்ல முடிகிறது.

வாங்கிய முதல் வாரத்திலேயே ஏமாற்றம் தொடங்கிவிட்டது. இரவு விளக்கை அணைத்துவிட்டு, எச்டிஆரில் வெளியான ஒரு படத்தை ஓடவிட்டேன். மழையில் நனைந்த தெரு, தொலைவில் ஒற்றை விளக்கு, மற்ற இடமெல்லாம் இருட்டு என்று ஒரு காட்சி வந்தது. விளக்கு முன்பைவிடப் பளிச்சென்று இருந்தது உண்மைதான். ஆனால் இருட்டு இருட்டாக இல்லை; சாம்பல் பூசியது போல வெளிறி, படத்தின் மேலும் கீழும் உள்ள கறுப்புப் பட்டைகள்கூடத் தனியாகத் தெரிந்தன. விண்டோஸில் `Win + Alt + B` அழுத்தி எச்டிஆரை நிறுத்திவிட்டு அதே காட்சியை மறுபடி பார்த்தேன். விளக்கின் பளிச்சு சற்றுக் குறைந்தது, ஆனால் இருட்டு திரும்பி வந்துவிட்டது. எச்டிஆர் இல்லாத காட்சியே எனக்கு ஆழமாகத் தோன்றியது.

இது கண்ணின் மயக்கமா என்று உறுதிசெய்துகொள்ள, புகைப்படத் தொழில் செய்யும் நண்பரிடமிருந்து திரையின் ஒளியை அளக்கும் கலரிமீட்டரை வாங்கி வந்தேன். நிட் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து எத்தனை கேண்டெலா ஒளி வருகிறது என்பதன் அளவு. வழக்கமாக நான் வேலை செய்யும் அமைப்பில் வெள்ளை 120 நிட், கறுப்பு 0.11 நிட் என்று காட்டியது. பிறகு எச்டிஆரை இயக்கி, திரையின் நடுவில் ஒரு சிறு வெள்ளைக் கட்டத்தை மட்டும் வைத்து, மற்ற இடத்தைக் கறுப்பாக விட்டு அளந்தேன். வெள்ளை 408 நிட்டுக்கு ஏறியது. கட்டத்திலிருந்து தள்ளியிருந்த கறுப்பும் 0.38 நிட்டுக்கு ஏறியது. இரண்டு அமைப்பிலும் வெள்ளையைக் கறுப்பால் வகுத்தால் ஏறத்தாழ 1,080 என்ற ஒரே விகிதம்தான் வருகிறது. வெள்ளை மூன்றரை மடங்கு கூடியபோது கறுப்பும் அதே மூன்றரை மடங்கு கூடியிருக்கிறது.

காரணம் எளிது. எல்சிடி பேனல் தானாக ஒளிர்வதில்லை. பின்னால் இருக்கும் எல்இடி விளக்கின் ஒளியைத் திரவப் படிகங்கள் விடவோ மறைக்கவோ செய்கின்றன. ஐபிஎஸ் பேனலில் முழுமையாக மறைத்தாலும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி கசிந்துவிடும். என் மானிட்டரில் பின்னொளி முழுவதும் ஒரே அலகு. எங்கோ ஒரு மூலையில் விளக்கு எரிய வேண்டுமானால் திரை முழுவதற்குமான பின்னொளியும் உச்சத்துக்குப் போக வேண்டும். அப்போது கசிவும் அதே அளவில் கூடும். திரையில் தனித்தனிப் பகுதிகளாகப் பின்னொளியைக் கூட்டிக் குறைக்கும் லோக்கல் டிம்மிங் இருந்தால்தான் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட முடியும். 2017 டிசம்பரில், திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வீசா அமைப்பு வெளியிட்ட டிஸ்ப்ளே எச்டிஆர் தரத்தில் 400 என்ற கடைநிலைப் பிரிவு இதைக் கட்டாயமாக்கவில்லை. 2024இல் வந்த திருத்தத்தில் நிற வரம்பு, பிட் ஆழம் ஆகியவற்றுக்கான நிபந்தனைகள் 400 பிரிவுக்கும் கடுமையாக்கப்பட்டன. லோக்கல் டிம்மிங் அப்போதும் கட்டாயமாகவில்லை.

எச்டிஆர் என்றால் அதிக வெளிச்சம் என்று விளம்பரங்கள் பழக்கிவிட்டதால், கறுப்பைப் பற்றி நானும் முதலில் யோசிக்கவில்லை. எச்டிஆர் சமிக்ஞை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தபோதுதான் எண்ணம் மாறியது. எச்டிஆரின் பொதுவான வடிவமான எச்டிஆர்10இல் உள்ள படங்கள் பயன்படுத்தும் பிக்யூ என்னும் வளைகோடு 0 முதல் 10,000 நிட் வரையிலான ஒளியை 10 பிட்டின் 1,024 படிகளில் அடக்குகிறது. அந்தப் படிகளில் 100 நிட்டுக்குரியது ஏறத்தாழ 520ஆவது படி. அதாவது பாதிப் படிகள் 100 நிட்டுக்குக் கீழே உள்ள மங்கலான பகுதிக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 1,000 நிட் முக்கால் பங்கில் வந்துவிடுகிறது. மனிதக் கண் இருட்டில் சிறு வேறுபாடுகளையும் நன்றாகப் பிரித்தறிவதாலும், வெளிச்சத்தில் பெரிய வேறுபாடுகளையும் சிறிதாகவே உணர்வதாலும் இந்த ஏற்பாடு. 120 நிட்டிலிருந்து 400 நிட்டுக்கு ஏறும்போது எண்ணில் மூன்று மடங்குக்கு மேல் கூடினாலும், கண்ணுக்கு மூன்று மடங்காகத் தெரிவதில்லை. இருட்டுப் பக்கத்தில் கசியும் 0.38 நிட் மட்டும், அறை இருட்டாக இருக்கும்போது, அந்தப் படிகளில் எழுதப்பட்ட நுண்மையில் ஒரு பகுதியை மூடிவிடுகிறது. மலிவு எச்டிஆரில் நாம் பெறுவதைவிட இழப்பது கூடுதலாகத் தோன்றுவது இதனால்தான்.

படம் பார்க்காத நேரத்திலும் ஒரு தொல்லை இருந்தது. விண்டோஸில் `Use HDR` என்பதை இயக்கியே வைத்திருந்தால் சாதாரணப் பக்கங்கள், கோப்புகள், புகைப்படங்கள் எல்லாம் வெளிறித் தெரிந்தன. எச்டிஆர் நிலையில் மானிட்டரின் சொந்த வெளிச்சப் பொத்தான் செயலிழந்துவிடும்; `SDR content brightness` என்ற நகர்த்தியால் வெள்ளையைக் குறைக்கலாம், ஆனால் பின்னொளி உயரத்திலேயே நிற்பதால் கறுப்பு குறையாது. போதாக்குறைக்கு, சாதாரணப் படங்களை எச்டிஆருக்கு மாற்றும்போது விண்டோஸ் எஸ்ஆர்ஜிபி வளைகோட்டைக் கையாள்கிறது. பெரும்பாலான மானிட்டர்களோ காமா 2.2 என்ற சற்று வேறான வளைகோட்டுக்கு அமைக்கப்பட்டவை. இந்த வேறுபாட்டால் நிழற்பகுதிகள் இன்னும் கொஞ்சம் மேலே தூக்கப்படுகின்றன. இதை மானிட்டரின் பழுது என்று நினைத்து இரண்டு வாரம் கேபிளையும் டிரைவரையும் மாற்றிக்கொண்டிருந்தேன்.

இடையில் வேறு மூன்று திரைகளில் அதே தெருவிளக்குக் காட்சியைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. அலுவலக நண்பர் ஒருவரிடம் டிஸ்ப்ளே எச்டிஆர் 600 முத்திரையுள்ள மானிட்டர் இருந்தது. அதில் லோக்கல் டிம்மிங் உண்டு, ஆனால் பின்னொளி விளிம்பிலிருந்து வருவது. மொத்தம் 16 பகுதிகள், ஒவ்வொன்றும் மேலிருந்து கீழ்வரை நீளும் செங்குத்துப் பட்டை. விளக்கு எரிந்த இடத்தில் திரையின் உச்சிமுதல் அடிவரை ஒரு வெளிர் தூண் நின்றது. கேமரா நகர நகர அந்தத் தூணும் பட்டை பட்டையாகத் தாவியது. கீழே வசன வரி தோன்றும்போதெல்லாம் நடுப்பகுதி முழுவதும் வெளுத்தது. உண்மையைச் சொன்னால், அதைவிட என் மானிட்டரின் ஒரே சீரான சாம்பல் மேல் என்று பட்டது.

அடுத்தது, பின்னொளிக்குச் சின்னஞ்சிறு எல்இடிகளைப் பயன்படுத்தும், 576 பகுதிகள் கொண்ட மினி எல்இடி. விளக்கைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளிவட்டம் தெரிந்தது, ஆனால் தெருவின் மற்ற பகுதி உண்மையாகவே இருண்டிருந்தது. ஈரத் தார்ச்சாலையில் விளக்கின் பிரதிபலிப்பை அப்போதுதான் முதன்முறையாகக் கவனித்தேன். என் திரையில் அது சாம்பலுக்குள் மறைந்திருந்தது. மூன்றாவது, பின்னொளி இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி, டிஸ்ப்ளே எச்டிஆர் ட்ரூ பிளாக் 400 என்ற முத்திரை. என் பெட்டியில் இருந்த அதே 400 என்ற எண்தான். ஆனால் அந்தப் பிரிவில் கறுப்பு 0.0005 நிட்டைத் தாண்டக் கூடாது. என் பிரிவிலோ 0.4 நிட் வரை அனுமதி உண்டு. ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு முத்திரைகளுக்கு இடையே கறுப்பில் 800 மடங்கு வேறுபாடு இருப்பதை வாங்குபவர் பெட்டியைப் பார்த்து அறிய வழியில்லை. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

அதைவிட மோசமானது, எச்டிஆர்10 ஆதரவு என்று மட்டும் எழுதி, வீசா முத்திரை இல்லாமல் விற்கப்படும் 250, 300 நிட் மானிட்டர்கள். எச்டிஆர் சமிக்ஞையை வாங்கி, ஏதோ ஒரு வகையில் தன் வரம்புக்குள் சுருக்கிக் காட்டும் என்பதற்கு மேல் அந்த வாசகத்துக்குப் பொருள் இல்லை. முத்திரை மெய்யானதா என்பதை `displayhdr.org` தளத்தில் உள்ள பட்டியலில் மாடல் பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம். கடையில் நேரில் பார்க்க முடிந்தால், எச்டிஆரை இயக்கி, திரை முழுவதையும் கறுப்பாக்கி, ஒரு சிறு வெள்ளைக் கட்டத்தை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். கறுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் வெளுத்தால் பகுதிகள் இல்லை. செங்குத்துப் பட்டையாக வெளுத்தால் விளிம்பு விளக்கு. கட்டத்தைச் சுற்றி மட்டும் வெளுத்தால் பின்னால் நிறைய பகுதிகள் உள்ளன. கடை விளக்கு வெளிச்சத்தில் கசிவு எளிதில் தெரியாது என்பதால், கையால் திரையைச் சற்று மறைத்துப் பார்ப்பது நல்லது. கைப்பேசியில் படமெடுத்து ஒப்பிட வேண்டாம். கேமரா வெளிச்சத்தைத் தானே சரிசெய்து வேறுபாட்டை மறைத்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு, நான் கொடுத்த கூடுதல் பணம் வீண் என்று சொல்ல மாட்டேன். அது எச்டிஆருக்குப் பயன்படவில்லை. பகல் வெளிச்சத்துக்குப் பயன்பட்டது. என் மேசை மேற்குப் பார்த்த சன்னலின் அருகில் இருக்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் 250 நிட் திரையில் எழுத்துகளைப் படிக்க நான் முன்பு மிகவும் சிரமப்பட்டிருக்கிறேன். இப்போது எச்டிஆரை நிறுத்திவைத்துச் சாதாரண நிலையிலேயே 330 நிட் வரை ஏற்றிக்கொள்கிறேன். அந்த நேரத்தில் அறை வெளிச்சமே திரைமேல் விழுவதால் கறுப்பின் கசிவு ஒரு பொருட்டாக இருப்பதில்லை. மாலை ஏழு மணிக்கு 120க்கு இறக்கிவிடுவேன்.

எச்டிஆர் படக் கோப்புகளையும் விண்டோஸில் எச்டிஆரை நிறுத்திவிட்டே பார்க்கிறேன். உயர்ந்த ஒளியைத் திரையின் வரம்புக்குள் சுருக்கும் வேலையை மானிட்டரிடம் விடாமல் எம்பிவி பிளேயரிடம் விட்டால், விளக்குகளின் விளிம்பு வெளுத்துப்போகாமலும் நிழல் வெளிறாமலும் வருகிறது:

```
mpv --vo=gpu-next --tone-mapping=bt.2390 padam.mkv
```

சென்ற மாதம் அதே கலரிமீட்டரை மறுபடி வாங்கி அளந்தேன். உச்ச வெளிச்சம் 408 நிட்டிலிருந்து 372க்கு இறங்கியிருந்தது. கறுப்பும் அதே விகிதத்தில் 0.35க்கு வந்திருந்தது. பிற்பகல் வெயிலுக்கு இது இன்னும் போதுமானதாகவே இருக்கிறது.