பரிசு முன்னாலா, வகுப்பு முன்னாலா? வினாடி வினா கேப்ஷன் இரண்டு, ஓர் ஒப்பீடு

ஒரு மாதிரிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். சென்னை தினமான ஆகஸ்ட் 22, சனிக்கிழமை. தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளி அரங்கம். 8 முதல் 10ஆம் வகுப்பு வரை, அணிக்கு இருவர், பள்ளிக்கு இரண்டு அணி. இதே விவரத்தோடு இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் போகும் போஸ்டருக்கு இரண்டு விதமாக கேப்ஷன் எழுதுகிறார்கள்.

முதல் வகை இப்படித் தொடங்கும்: “முதல் பரிசு ரூ.6,000! வடசென்னையின் அறிவுப்புலி யார்? வாங்க, மோதிப் பார்த்துடலாம்!”

இரண்டாவது வகை: “8, 9, 10ஆம் வகுப்புக்கு வினாடி வினா. ஆகஸ்ட் 22, சனி, காலை 9.30, தண்டையார்பேட்டை. பதிவு ஆகஸ்ட் 13 வரை.”

படிக்க முதல் வகைதான் துள்ளலாக இருக்கிறது. ஆனால் இன்ஸ்டாகிராமில் கேப்ஷனின் முதல் ஓரிரு வரிகள்தான் கண்ணில் படும். மீதியைத் தட்டித் திறக்க வேண்டும். அந்த இரண்டு வரியில் வகுப்பு இல்லாவிட்டால், “ஏழாவது படிக்கிறேன், வரலாமா?” என்ற கேள்விகள் வந்து குவியும். பதில் சொல்லியே ஆள் களைத்துப்போவார். இரண்டாவது வகையில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

வாட்ஸ்அப்பில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. அங்கே முதலில் படிப்பவர் மாணவர் அல்ல, ஆசிரியர். அவருக்குப் பரிசைவிட முக்கியம் யாரை அனுப்பலாம், எப்போது, எத்தனை பேர் என்பதுதான். வகுப்பில் அப்படியே வாசித்துக்காட்டும்படி இருந்தால் அன்றே அணி தயார். இன்னொன்று: போஸ்டரை மட்டும் சேமித்து யாராவது ஸ்டேட்டஸில் வைத்தால் கேப்ஷன் கழன்றுவிடும். அதனால் வகுப்பு, தேதி, இடம், கடைசி நாள் நான்கும் போஸ்டரிலும் இருக்க வேண்டும்.

சுற்றுகளைச் சொல்வதில் முதல் வகை “விறுவிறுப்பான 5 சுற்றுகள்” என்று முடித்துக்கொள்ளும். அது போதாது. எழுத்துச் சுற்றில் 25 கேள்வி, 30 நிமிடம். முதல் 6 அணிகளுக்கு மட்டும் மேடை என்றால் அதை அப்படியே எழுத வேண்டும். 30 அணி வந்தால் 24 அணிக்கு மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். “முடிவு 12 மணிக்கு, இறுதிச்சுற்று 2 முதல் 4 வரை” என்று இருந்தால், எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் பிள்ளைகளை அழைத்து வருகிறவர் திரும்பும் நேரத்தைத் திட்டமிடலாம். சமநிலை வந்தால் நட்சத்திரமிட்ட கேள்விகளில் யாருக்குச் சரியான விடை அதிகம் என்று பார்ப்போம், பஸ்ஸர் சுற்றில் தவறான விடைக்கு 5 மதிப்பெண் குறையும் என்ற இரண்டையும் ஒரே வரியில் சேர்க்கலாம். அன்று மேடையில் சண்டை வராது.

இரண்டு வகையிலுமே பெரும்பாலும் விட்டுப்போவது கேள்வியின் மொழி. மாநகராட்சிப் பள்ளியும் மெட்ரிக் பள்ளியும் சேர்ந்து வருகிற இடம் இது. “கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும்” என்று இல்லையென்றால், தமிழ்வழி மாணவர் இது நமக்கில்லை என்று ஒதுங்கிவிடுவார். எம்டன் கப்பல் சென்னையைக் குண்டுவீசித் தாக்கியது 1914 செப்டம்பர் 22 என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். கேள்வி புரியாமல்தான் தோற்பார். மொழியைச் சொல்லும் வரி தகுதிப் பகுதியிலேயே நிற்கட்டும்.

பரிசில் முதல் வகை பெரிதாகச் சறுக்கும். ரூ.6,000 என்றால் ஆளுக்கா, அணிக்கா? இருவர் அணியில் இந்தச் சந்தேகம் கட்டாயம் வரும். “முதல் அணிக்கு ரூ.6,000 (ஆளுக்கு 3,000), கோப்பை பள்ளிக்கு” என்று எழுதினால் தீர்ந்தது.

பதிவுக்கு மூன்று படி போதும்: ஆசிரியர் கூகுள் ஃபார்மை நிரப்புவார், உறுதிச் செய்தி வரும், போட்டியன்று அடையாள அட்டையும் தலைமை ஆசிரியர் கையொப்பமிட்ட போனஃபைட் சான்றும் கொண்டுவருவார்கள். சான்றை ஃபார்மிலேயே பதிவேற்றச் சொல்லாதீர்கள். கோப்பு கேட்டாலே கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். கடைசி நாளை 15ஆம் தேதியில் வைப்பதும் தவறு. அன்று கொடியேற்றம் முடிந்ததும் பள்ளி கலைந்துவிடும், விவரம் கேட்க அலுவலகத்தில் ஆள் இருக்காது. 13 வியாழனே சரி. இணைப்பு வாட்ஸ்அப்பில் தட்டினால் திறக்கும், இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் திறக்காது. அங்கே “இணைப்பு பயோவில்” என்று எழுதி, பயோவில் போட்டுவிட்டீர்களா என்றும் பாருங்கள்.

ஆசிரியர் குழுக்களுக்கு இரண்டாவது வகையை அப்படியே அனுப்பலாம். இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் பரிசையும் முதல் வரிக்கு ஏற்றுங்கள், ஆனால் வகுப்புக்குப் பின்னால்: “8 முதல் 10 வரை படிக்கிறீங்களா? ஜெயிக்கிற அணிக்கு ரூ.6,000. ஆகஸ்ட் 22, தண்டையார்பேட்டை.”