சி.ஓ.டி. பார்சல் அனுப்புகிறவர்களுக்கு: 100 என்று காட்டிய கூரியர் கட்டணம் 439 ஆன கணக்கு

சின்னச் சின்ன பார்சல்களை கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்பி வியாபாரம் செய்பவர்கள், கூரியர் கம்பெனியின் ரேட் கார்டில் முதல் அரைக் கிலோ கட்டணத்தை மட்டும் பார்த்து ஒப்பந்தம் போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்ட ஒரு விற்பனையாளருக்கு என்ன நடந்தது என்பதைக் கணக்கோடு சொல்கிறோம். ரேட் கார்டுகள் இடத்துக்கு இடம் மாறும். அதனால் மலிவான கம்பெனியின் முதல் அரைக் கிலோ கட்டணத்தை 100 என்று வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அந்த விகிதத்திலேயே தருகிறோம்.

அவர் விற்றது துணிப் பை. பெட்டியோடு எடை 420 கிராம், பெட்டியின் அளவு 24 × 20 × 5 செ.மீ. ஒரு கம்பெனி 100 கேட்டது, இன்னொன்று 120. பார்சல் அரைக் கிலோவுக்குள் இருக்கிறதே என்று 100க்கே போனார். சில வாரத்தில், கட்டணத்துக்காகக் கம்பெனியிடம் பணம் போட்டு வைக்கும் வாலெட்டில் ஒவ்வொரு பார்சலுக்கும் கூடுதலாக 90 பிடித்திருந்தார்கள். காரணம் என்று போட்டிருந்தது "வெயிட் டிஸ்கிரிபன்சி", அதாவது எடை வித்தியாசம், என்று மட்டும்தான்.

தராசு காட்டும் எடை ஒன்று, பார்சல் வண்டியில் அடைக்கும் இடத்தைக் கொண்டு போடும் வால்யூமெட்ரிக் எடை இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி ஒரு எண்ணால் வகுத்தால் கிலோ கணக்கு வந்துவிடும். அந்த வகுக்கும் எண் எல்லோருக்கும் ஒன்றல்ல. பரவலாக இருப்பது 5000, சிலர் 4000 வைத்திருப்பார்கள். வகுக்கும் எண் குறையக் குறைய உங்கள் பில் ஏறும்.

இந்தப் பெட்டிக்கு 24 × 20 × 5 = 2400. அதை 5000 ஆல் வகுத்தால் 480 கிராம், அரைக் கிலோ ஸ்லாபுக்குள், அதாவது அந்தக் கட்டணப் படிக்குள், நிற்கும். 4000 ஆல் வகுத்தால் 600 கிராம். ஸ்லாப் எப்போதும் மேல்நோக்கித்தான் போகும் என்பதால் 600 என்பது ஒரு கிலோ ஸ்லாப். மலிவு என்று நம்பிய கம்பெனியின் ஒப்பந்தத்தில் 4000 என்றிருந்தது, கூடுதல் அரைக் கிலோவுக்கு 90 என்றும் இருந்தது. ஆக முதல் பார்சலிலிருந்தே கட்டணம் 190. 120 கேட்ட கம்பெனியின் எண் 5000.

5000 என்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. துணியைத் திணித்து மூடிய பெட்டி நடுவில் உப்பும். உயரம் 5 செ.மீ. என்று நீங்கள் போட்டிருப்பீர்கள். ஹப்பில் உள்ள இயந்திரம் உப்பிய இடத்தை அளந்து 5.5 என்று எடுக்கும். 2640ஐ 5000 ஆல் வகுத்தால் 528 கிராம். அரை சென்டிமீட்டரில் ஸ்லாப் தாண்டிவிட்டது. டேப் ஒட்டி முடித்த பிறகு, பெட்டியின் ஓரத்தில் அல்ல, உப்பிய நடுப்பகுதியில் அளவெடுங்கள். உடையாத பொருளுக்குப் பெட்டியே வேண்டாம். காற்றை அழுத்தி வெளியேற்றி ஒட்டிய கூரியர் கவர் போதும்.

அடுத்த அடி ரிட்டர்னில் விழுந்தது. பணம் கட்டாமல் ஆர்டர் போட்டவருக்கு வேண்டாம் என்று சொல்வதில் எந்த நஷ்டமும் இல்லை. திரும்பி வரும் பார்சலுக்குப் போன கட்டணமும் உங்களுடையது, வந்த கட்டணமும் உங்களுடையது. 10 பார்சலில் 3 திரும்பியதாக வைத்து இரு கம்பெனிக்கும் கணக்குப் போடுவோம். வாடிக்கையாளரிடம் பணம் வசூலித்துத் தருவதற்கான சி.ஓ.டி. கட்டணம் இருவருக்கும் பார்சலுக்கு 60.

மலிவான கம்பெனியில் 10 பார்சல் போக 1900. ரிட்டர்னுக்கும் அதே கட்டணம் என்பதால் 3 திரும்பி வர 570. திரும்பிய பார்சலுக்கும் சி.ஓ.டி. கட்டணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள், அதனால் 600. மொத்தம் 3070. கைக்குப் போய்ச் சேர்ந்தது 7 பார்சல்தான், ஒன்றுக்கு 439. மற்ற கம்பெனியில் போக 1200, ரிட்டர்ன் கட்டணம் 90 வீதம் 270, சேர்ந்த 7 பார்சலுக்கு மட்டும் சி.ஓ.டி. 420. மொத்தம் 1890, ஒன்றுக்கு 270. எந்த கம்பெனியை ஒப்பிட்டாலும் சேர்ந்த பார்சலுக்கு எவ்வளவு என்ற இந்த எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

அந்த விற்பனையாளருக்கு இது உடனே தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. வாலெட்டில் இருப்பு மைனஸுக்குப் போனதும், அவருக்கு வரவேண்டிய சி.ஓ.டி. வசூலில் இருந்தே கழித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருக்கிறார்கள். வங்கியில் பணம் வந்துகொண்டே இருந்ததால் சந்தேகம் வரவில்லை. வசூல் பணமான ரெமிட்டன்ஸ் வந்ததும் அதன் ஸ்டேட்மென்ட்டை இறக்கி, டெலிவரி ஆன பார்சல்களின் லேபிளில் உள்ள ஏ.டபிள்யூ.பி. எண்களோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எடை மீது ஆட்சேபம் தெரிவிக்கச் சில நாட்கள்தான் அவகாசம். அது கழிந்தால் நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே கணக்கு. ஆட்சேபத்துக்கு லேபிள் எண் தெரியும்படி பார்சல் தராசில் இருக்கும் படமும், மூன்று பக்கமும் அளவு டேப் வைத்து அளந்த படமும் வேண்டும். பிக்கப்புக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.

ரிட்டர்ன் எல்லாமே வாடிக்கையாளரின் தவறும் அல்ல. டெலிவரிக்குப் போகாமலே "ஆள் இல்லை" என்று பதிந்துவிடுவதும் நடக்கிறது. டிராக்கிங்கில் நேரத்தைப் பாருங்கள்: இரவு 9 மணிக்கு மேல் வரிசையாகப் பல பார்சலுக்கு ஒரே காரணம் பதிவாகியிருந்தால், வாடிக்கையாளரின் போனில் அழைப்பு எதுவும் வராமலிருந்தால், அது பொய்ப் பதிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முதல் முயற்சி தவறிய அன்றே வாடிக்கையாளரிடம் பேசி, அவருடைய கால் பட்டியல் படத்தோடு மறு டெலிவரி கேளுங்கள். விட்டுவிட்டால் சில முயற்சிகளுக்குப் பிறகு பார்சல் தானாகவே திரும்பக் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு நிறுத்துவது பெரும்பாலும் நடக்காது. நிஜமாகவே வேண்டாம் என்பவர்களைக் குறைக்க, அனுப்பும் முன் போனில் உறுதி செய்து, போகவர ஆகும் கட்டணத்தையாவது முன்பணமாக வாங்குங்கள். முன்பணம் தர மறுப்பவரின் ஆர்டரை விடுவதே லாபம்.

திரும்பி வந்த பார்சலைக் கையெழுத்துக்கு முன் தராசில் வையுங்கள். 420 கிராமாகப் போனது 250 கிராமாக வந்தால் உள்ளே பை இல்லை. டேப்பையும் கவனியுங்கள்: நீங்கள் ஒட்டிய டேப்பின் மேல் வேறு நிறத்தில் இரண்டாவது டேப் ஓடினால் யாரோ பிரித்திருக்கிறார்கள். பிரித்துப் பார்க்க டெலிவரி ஆள் விடமாட்டார். அதனால் ரசீதிலேயே "எடை 250 கிராம், டேப் மாறியுள்ளது" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு லேபிள், ஆறு பக்கம், பிரிப்பது, உள்ளிருக்கும் பொருள் என்று இடையில் வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள். வெறும் கையெழுத்து போட்டுவிட்டால் நல்ல நிலையில் பெற்றதாகிவிடும். புகார் ஏற்கப்பட்டாலும், தனியாக இன்சூரன்ஸ் எடுக்காத பார்சலுக்கு ஒப்பந்தத்தில் உள்ள உச்சவரம்புதான் கிடைக்கும். அந்தத் தொகையையும், வகுக்கும் எண், ரிட்டர்ன் கட்டணம், சி.ஓ.டி. கட்டணம் திரும்புமா, ஆட்சேப அவகாசம் எத்தனை நாள் என்பவற்றையும் முதல் பார்சலுக்கு முன் மெயிலில் எழுதி வாங்குங்கள். சேல்ஸ் ஆள் வாயால் சொன்னதைக் காட்டி அந்த விற்பனையாளரால் எதையும் திரும்ப வாங்க முடியவில்லை. அவகாசத்துக்குள் இருந்த, படம் எடுத்து வைத்திருந்த பார்சல்களையும் கம்பெனி திரும்ப அளந்து பார்த்தது. அதன் எண் 4000 என்பதால் அந்த 90 அப்படியே நின்றது.