பூஜையறைக் கதவுக்குப் பசை தடவும் முன்: ஆறு வருட அனுபவம்

கும்பகோணம் பக்கம் தையிலும் வைகாசியிலும் கிரகப்பிரவேசம் அதிகம். வைகாசிக்குக் கதவு கேட்பவர்களுக்குக் கத்திரி வெயிலில்தான் பசை போட்டாக வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு மே மாத மத்தியானத்தில், மணிக்கட்டம் வைத்த தேக்குக் கதவு ஒன்றை ஒரே மூச்சில் ஒட்டப் பார்த்தேன். சட்டத்தின் முனையில் நாக்கு மாதிரி செதுக்குவதுதான் கழுந்து; ஏழாவது கழுந்து துளைக்குள் முக்கால்வாசி போய் நின்றுவிட்டது. "அண்ணே, இறங்க மாட்டேங்குது" என்றான் தம்பி. கிளாம்பை இன்னும் முறுக்கினேன். கழுந்து இறங்கவில்லை, நெடுஞ்சட்டம் வளைந்தது. மறுநாள் மூலைக்கு மூலை அளந்தபோது இரண்டு நூல், அதாவது கால் அங்குலம் வித்தியாசம். அந்தக் கதவை அறுத்துப் பிரித்து, புதுச் சட்டம் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு, பசை டப்பாவைத் திறக்கும் முன் முழு வேலையையும் பசையில்லாமல் கிளாம்போடு ஒருமுறை நடத்திப் பார்க்கும் பழக்கத்துக்கு வந்தேன். போன வருடம் செய்த ஒரு கதவை வைத்தே அதைச் சொல்கிறேன்.

இரட்டைக் கதவில் ஒரு பக்கம் 6 அடி உயரம், 20 அங்குல அகலம். இரண்டு நெடுஞ்சட்டம், மேலே, நடுவே, கீழே என்று மூன்று குறுக்குச் சட்டம். கீழ்ப்பாதியில் வரிப்பள்ளத்தில் உட்காரும் பலகை. மேல்பாதியில் மணி கட்ட 15 கட்டங்கள். அதற்கு நெடுக்கில் 2 கம்பும் குறுக்கில் 4 கம்பும், ஒன்றுக்குள் ஒன்று பாதிப் பாதி வெட்டி இறங்கும்படி. கணக்குப் போட்டால் சட்டங்களின் கழுந்து 6, கம்புகளின் முனைக் கழுந்து 12, கம்புகள் வெட்டிக்கொள்ளும் இடம் 8. மொத்தம் 26 இணைப்பு. இந்த எண்ணிக்கையைத்தான் முதலில் எழுதிக்கொள்வேன். அதற்குப் பக்கத்தில் எழுத வேண்டியது, பசை எத்தனை நிமிஷம் ஈரமாக இருக்கும் என்பது.

அதை டப்பாவில் பார்த்து எழுத முடியாது. அதே மரத்தின் துண்டு ஒன்றில், அதே பட்டறையில், அதே நேரத்தில் வெள்ளைப் பசையைத் தடவி, அரை நிமிஷத்துக்கு ஒருமுறை விரலால் தொட்டுப் பார்ப்பேன். விரலில் ஈரமாக ஒட்டி வரும்வரை வேலைக்கு ஆகும். மேலே ஆடை கட்டி, தொட்டால் நூல் இழுக்க ஆரம்பித்தால் நேரம் முடிந்தது. என் பட்டறையில் மே மாதம் மத்தியானம் மின்விசிறிக்குக் கீழே 3 நிமிஷம்தான் கிடைத்தது. விசிறியை நிறுத்தினால் 5. விடியற்காலை 6 மணிக்கு, விசிறி இல்லாமல், 8 நிமிஷத்துக்கு மேல். அதனால் கோடையில் காலை ஏழரைக்குள் பசை வேலையை முடித்துவிடுகிறேன். விசிறி ஓடவே கூடாது.

இனி ஒத்திகை. கழுந்து துளைக்குள் போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதை நிறையப் பேர் ஒத்திகை என்று நினைக்கிறார்கள். அது பொருத்தம் பார்ப்பது, அவ்வளவுதான். அதிலும் ஒரு அளவு உண்டு: கழுந்து கையால் தள்ளினால் போக வேண்டும், கடைசியில் கொட்டாப்புளியால் லேசாக ஒரு தட்டு. அடித்துத்தான் இறக்க வேண்டும் என்றால் அது இறுக்கம். வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. தடவியதும் மரம் உப்பி, இறுக்கமான கழுந்து பாதியில் பிடித்துக்கொள்ளும். என் ஏழாவது கழுந்துக்கு நடந்தது அதுதான். பசை காய்ந்தது பாதிக் காரணம், இறுக்கம் மீதி.

உண்மையான ஒத்திகை என்றால் எல்லாக் கிளாம்பையும் மாட்டி, இறுக்கி, மூலை அளந்து, கடிகாரம் பார்ப்பது. முதல்தடவை தம்பி தன் போக்கில் ஆரம்பித்தான். ஒரு நெடுஞ்சட்டத்தில் மூன்று குறுக்குச் சட்டத்தையும் ஏற்றிவிட்டான். அதற்குப் பிறகு மணிக்கட்டம் உள்ளே போகவில்லை. குறுக்குக் கம்பு பக்கவாட்டில் நுழைய வேண்டும், நெடுக்குக் கம்பு மேலும் கீழுமாக நுழைய வேண்டும். சட்டங்கள் நின்றுவிட்டால் இரண்டுக்கும் வழியில்லை. பசையோடு இது நடந்திருந்தால் கதவு போயிருக்கும். சரியான வரிசை இதுதான்: முதலில் கம்புகள் தங்களுக்குள், பிறகு அதன் தலையில் மேல் குறுக்குச் சட்டமும் காலில் நடுக் குறுக்குச் சட்டமும், கடைசியில் பலகை, கீழ்க் குறுக்குச் சட்டம் இரண்டோடும் நெடுஞ்சட்டங்கள்.

அந்த வரிசையில் மறுபடி செய்தோம். பசை தடவாமலே 11 நிமிஷம் ஆனது. விடியற்காலை 8 நிமிஷத்துக்குள் 26 இணைப்பும் அடங்காது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. வேகமாகச் செய்து பார்ப்பதில் பயனில்லை. வேலையைத்தான் துண்டு போட வேண்டும்.

முதல் நாள் கம்புகள் மட்டும். எட்டு வெட்டுகளிலும் பசை தடவி, கம்புகளைச் சேர்த்து, உடனே நாலு சட்டத்தையும் பசையில்லாமல் சுற்றிப் பொருத்தினோம். சட்டமே அச்சு மாதிரி நின்று கட்டங்களை மூலைமட்டத்தில் பிடித்துக்கொள்ளும். முனைக் கழுந்துகளில் பசை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில்தான் பேக்கிங் கட்டை வேலைக்கு வருகிறது. நடுவிலிருக்கும் வெட்டுகளைக் கிளாம்பின் வாய் எட்டாது. அதனால் ஒவ்வொரு குறுக்குக் கம்புக்கும் மேலே 24 அங்குலக் கட்டை ஒன்றை வைத்து, இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு, அடியிலுள்ள பழைய பிளஷ் கதவுப் பலகையோடு இறுக்குவோம். நேரான கட்டையாக இருந்தால் முனைகள் மட்டும் அழுத்தும், நடு தூக்கிக்கொள்ளும். கட்டையின் அடிப்பக்கத்தை நடுவிலிருந்து இரு முனைக்கும் அரை நூல் சரிவாக இழைத்துவிட்டால் நடு முதலில் தொடும். முனைகளை இறுக்க இறுக்க அழுத்தம் நீளம் முழுக்கப் பரவும். கட்டை விறைப்பாக இருக்க வேண்டும். நான் ஒன்றரைக்கு இரண்டு அங்குலத் தேக்குக் கழிவில் செய்து, பசை ஒட்டாமலிருக்கப் பிரவுன் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக அதே எட்டுக் கட்டைகள்தான். டேப்பை மட்டும் அவ்வப்போது மாற்றுகிறேன்.

ஒத்திகையில் இதிலும் ஒரு தப்பு தெரிந்தது. நெடுஞ்சட்டம் ஒன்றரை அங்குலக் கனம், கம்பு ஒரு அங்குலம். கம்பு சட்டத்தின் நடுவில் நிற்பதால் மேலும் கீழும் இரண்டு நூல் பள்ளம். கட்டை சட்டத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு கம்பைத் தொடவே இல்லை. கீழே இரண்டு நூல் பிளைவுட் பட்டையும், கம்பின்மேல் அரை அங்குல ரீப்பரும் வெட்டி வைத்த பிறகுதான் அழுத்தம் போக வேண்டிய இடத்துக்குப் போனது. பசை தடவிய பிறகு இதைக் கண்டுபிடித்திருந்தால் ரீப்பர் தேடுவதற்குள் எட்டு வெட்டும் காய்ந்திருக்கும்.

இரண்டாம் நாள், மேல் சட்டத்துக்கும் நடுச் சட்டத்துக்கும் நடுவே நாலு கழுந்துதான். நெடுக்கில், நீளக் கம்பியுள்ள சாஷ் கிளாம்ப் இரண்டு போதும். நெடுஞ்சட்டங்கள் பசையில்லாமல் இரு பக்கமும் நிற்க வேண்டும். இல்லையென்றால் குறுக்குக் கம்பின் தோளும் சட்டத்தின் தோளும், அதாவது கழுந்தின் அடியில் நெடுஞ்சட்டத்தில் முட்டி நிற்கும் விளிம்புகள், ஒரே கோட்டில் வராது.

மூன்றாம் நாள் ஒரு நெடுஞ்சட்டம், நாலாம் நாள் மற்றது. ஒவ்வொன்றிலும் ஏழு கழுந்து. ஒத்திகையில் பொருத்தி இறுக்க 2 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. பசை தடவ இரண்டரை. மொத்தம் ஐந்துக்குள் அடங்கியது. ஒரு பக்கம் பசையோடு ஒட்டும்போது மறுபக்கச் சட்டம் பசையில்லாமல் மாட்டியே இருக்கும். கிளாம்ப் அதன்மேல்தான் உட்காரும், கோணமும் காக்கும். பலகைக்குப் பசை கூடாது. அது மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்க வேண்டும். மூலைகளில் மெழுகு தேய்த்துவிட்டால் வழியும் பசை பிடிக்காது. தேக்கில் எண்ணெய் உண்டு என்பதால் கழுந்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது பறந்ததும் பசை போடுவேன்.

கிளாம்ப் வைக்கும் உயரத்தைச் சிலர் கவனிப்பதில்லை. திருகு சட்டத்தின் கனத்துக்கு நடுவில் அழுத்த வேண்டும். மேலே அழுத்தினால் சட்டம் புரண்டு, தோளின் ஒரு பக்கம் வாய் திறக்கும். அதனால் மூன்று குறுக்குச் சட்டத்துக்கும் கட்டத்தின் நடுவுக்குமாக நாலு கிளாம்ப்; ஒன்று அடியில், அடுத்தது மேலே என்று மாற்றி மாற்றி. எல்லாவற்றையும் கதவின் அகலத்தைவிட அரை அங்குலம் கூடத் திறந்து, சாக்பீஸில் எண் போட்டு, வரிசையாக அடுக்கிவைப்போம். பசை டப்பா என் கையில், மரம் தம்பி கையில். இந்த வேலைப் பிரிப்பையும் சுவரில் எழுதிவிடுவேன்.

லேசாக இறுக்கியதும் மூலைக்கு மூலை டேப். நீளமான மூலைவிட்டம் எதுவோ, அதன் பக்கம் சாயும்படி கிளாம்பைக் கொஞ்சம் கோணலாக நகர்த்தி இறுக்கினால் அது குறுகும். 4 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் 2 குறைத்தால் போதும், மற்றது 2 கூடிவிடும். இதற்கு முதல் இரண்டு நிமிஷம்தான். பிறகு இரண்டு நேரான ரீப்பரை மேலும் கீழும் வைத்து, கண்ணை ஒட்டிப் பார்த்து முறுக்கு இருக்கிறதா என்று பார்ப்பேன். தோளில் சீரான முத்துக்களாகப் பசை பிதுங்கினால் அளவு சரி. ஒன்றுமே வராத இடத்தில் பசை போதவில்லை. ஒழுகினால் அதிகம். எதுவானாலும் கிளாம்பை இன்னும் முறுக்கக் கூடாது. இருக்கிற பசையும் வெளியே போய்விடும். ஈரப் பசை இரும்பில் பட்டு மரத்தில் கறுப்புக் கறை விழுந்ததும் உண்டு, அதனால் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே டேப் ஒட்டிய பட்டை கட்டாயம்.

ஐப்பசி, கார்த்திகையில் கணக்கு மாறும். காற்றில் ஈரம் கூடுதல் என்பதால் பசைக்கு நேரம் தாராளம். ஆனால் கிளாம்பை மறுநாள்வரை எடுக்க முடியாது. திங்கட்கிழமை லேசாகப் போன கழுந்து, மழை பிடித்தால் வெள்ளிக்கிழமை இறுகியிருக்கும். அதனால் பொருத்தம் பார்த்த மறுநாளே ஒட்டிவிடுகிறேன். இடையில் நாள் விழுந்தால் மறுபடி பார்க்கிறேன்.

மெதுவாகக் காயும் இரு பாகப் பசை போட்டால் ஒரே நாளில் முடியாதா என்று கேட்பார்கள். முடியும், இரண்டு முறை செய்தேன். மரம் உப்பாது என்பது பெரிய சௌகரியம். ஆனால் வெயிலில் கிண்ணத்தில் மொத்தமாகக் கலந்து வைத்தால் சூடேறிச் சீக்கிரம் இறுகிவிடுகிறது. கட்டத்தின் சின்ன மூலைகளில் பிதுங்கியதைச் சுத்தம் செய்ய உளியோடு அரை நாள் போகிறது.

பெரியப்பா காலத்தில் வாசல் நிலைக்குப் பசையும் கிடையாது, கிளாம்பும் கிடையாது. துளையைக் கழுந்தில் ஒரு மயிரிழை தள்ளிப் போட்டு மூங்கில் ஆணி அடித்தால், ஆணியே தோளை இழுத்து உட்கார வைக்கும். நிலைக்கு இன்றும் அப்படித்தான் செய்கிறேன். மூன்று குறுக்குச் சட்டம் மட்டும் உள்ள சாதாரணக் கதவுக்கும் நாலு நாள் தேவையில்லை. ஒரு ஒத்திகை பார்த்து, காலையில் ஒரே தடவையில் ஒட்டிவிடலாம். பத்து இணைப்புக்கு மேல் போகும் வேலைக்குத்தான் சுவரில் சாக்பீஸ் எடுக்கிறேன்.