எம்பார்கோ: காப்பதா, உடைப்பதா?

நேச்சர் என்ற அறிவியல் இதழின் கட்டுரைகள் சில நாள்கள் முன்னதாகவே நிருபர்களின் கைக்கு வந்துவிடும். குறித்த நேரம் வரை வெளியிடக் கூடாது என்பதுதான் நிபந்தனை; இந்தத் தடைக்குத்தான் எம்பார்கோ என்று பெயர். இதைக் காப்பவருக்குக் கிடைப்பது அவகாசம். கட்டுரையை முழுதாகப் படிக்கலாம், ஆய்வில் பங்கில்லாத ஒரு விஞ்ஞானியை அழைத்து, "இதை நம்பலாமா?" என்று கேட்கலாம். உடைத்தால் சில மணி நேரப் பெருமை மிஞ்சும். அடுத்த வாரத்திலிருந்து முன்பிரதி வருவது நின்றுபோகும். இத்தகைய செய்திகளில் காப்பதே சரி. அவசரப்பட்டு யாருக்கும் லாபமில்லை.

ஆனால் எல்லா எம்பார்கோவும் அப்படியல்ல. 1945 மே 7 அதிகாலை, பிரான்சின் ரீம்ஸ் நகரில் ஜெர்மனி சரணடைந்து கையெழுத்திட்டதை 17 நிருபர்கள் கண்டார்கள். வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தார்கள். முதலில் சில மணி நேரம் என்றிருந்த தடை, மறுநாள் பிற்பகல் 3 மணிக்குத் தள்ளிப்போனது. பெர்லினில் தனியாக ஒரு சரணடைவுச் சடங்கு நடக்கவேண்டும் என்று சோவியத் தரப்பு விரும்பியதே காரணம். அன்று பிற்பகலே ஃப்ளென்ஸ்பர்க்கிலிருந்து ஜெர்மன் வானொலி சரணடைவை அறிவித்துவிட்டது. அசோசியேட்டட் பிரஸ் நிருபர் எட்வர்ட் கென்னடி தணிக்கை அதிகாரியிடம் போய், இனி தடையை மதிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, லண்டன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் செய்தியைக் கொடுத்தார். வேலை போனது. 2012இல்தான் அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

நான் கென்னடி பக்கம். போர்க்காலத் தணிக்கை இருந்தது படைவீரர்களின் உயிரைக் காக்க; எதிரியே அறிவித்த பிறகு இந்தத் தடை வெறும் அரசியல் வசதிக்கானது. அவரிடம் எனக்குள்ள குறை ஒன்றுதான்: தணிக்கையாளரிடம் சொன்னவர், தடை இருக்கிறது என்பதைத் தம் ஆசிரியர்களிடம் சொல்லவில்லை. உடைக்கும் முடிவில் அவர்களுக்கும் பங்கு இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. டாலி என்ற குளோனிங் ஆட்டைப் பற்றிய கட்டுரை 1997 பிப்ரவரி 27 அன்று நேச்சரில் வெளிவர இருந்தது. 23ஆம் தேதியே லண்டனின் அப்சர்வர் வெளியிட்டுவிட்டது. செய்தி தன் சொந்த வழியில் கிடைத்தது என்றது அந்த ஏடு. அப்படிக் கிடைத்திருந்தால் அது உடைப்பே அல்ல; வாங்காத கடனை யாரும் திருப்பித் தரவேண்டியதில்லை. சிக்கல் இரண்டும் கையில் இருக்கும்போதுதான் வருகிறது: முன்பிரதியைப் படித்தபின் தேடிப்போன "சொந்த" ஆதாரத்தை எந்த ஆசிரியரும் நம்பமாட்டார். முன்பிரதி வந்த நாளுக்கு முந்தைய தேதியிட்ட குறிப்பேட்டுப் பக்கம் இருந்தால் விஷயம் வேறு.

அப்படி ஒரு பக்கம் இல்லாமல், செய்தி வேறெங்கோ கசிந்துவிட்டதென்றால், நான் முதலில் அழைப்பது தடை போட்டவரைத்தான். கசிந்த இடத்தைக் காட்டி, "எல்லோருக்கும் இப்போதே தளர்த்துகிறீர்களா?" என்று கேட்பேன். பெரும்பாலும் தளர்த்திவிடுவார்கள், ஊரறிந்த ரகசியத்துக்குக் காவல் நிற்க அவர்களுக்கும் விருப்பமிருக்காது.