மூன்று நிலை எக்ஸிட் டிக்கெட்: ஒரே சீட்டா, மூன்று சீட்டா, கையைத் தூக்கினால் போதுமா?

பாடம் முடியும் நேரத்தில் பிள்ளைகளிடம் ஒரு துண்டுச் சீட்டு வாங்கிப் பார்த்துவிட்டு மறுநாள் பாடத்தை மாற்றுவது பற்றிக் குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்து ஆசிரியர்கள் பேசும்போது, எல்லோரும் ‘மூணு லெவல்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ஆளுக்கு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். ஒருவர் எல்லோருக்கும் ஒரே சீட்டு கொடுத்து, அதில் எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று கேள்வி வைக்கிறார். இன்னொருவர் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்து மூன்று நிறத்தில் தனித்தனிச் சீட்டு கொடுக்கிறார். மூன்றாமவர் சீட்டே கொடுப்பதில்லை; ‘புரிஞ்சுது, கொஞ்சம் புரிஞ்சுது, புரியலை’ என்று கையைத் தூக்கச் சொல்லி எண்ணிக்கொள்கிறார். நான் ஏழாம் வகுப்புக் கணக்கு எடுப்பவன், மூன்றையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். தசம எண்களை ஒப்பிடும் ஒரே ஒரு பாடத்தை வைத்தே இந்த மூன்றையும் உரசிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரே சீட்டு வகை. என் சீட்டில் முதல் கேள்வி: 0.3, 0.45, 0.412 இவற்றை ஏறுவரிசையில் எழுது. இரண்டாவது: நீளம் தாண்டுதலில் ஒருவன் 3.4 மீட்டர், இன்னொருவன் 3.38 மீட்டர், இரண்டாமவன் ‘நான்தான் ஜெயிச்சேன்’ என்கிறான், அவன் எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறான்? மூன்றாவது: 0.45க்கும் 0.46க்கும் நடுவில் இரண்டு எண் எழுது.

இதில் உயிர்நாடி முதல் கேள்விதான், அதில் எந்த எண்களைப் போடுகிறோம் என்பதுதான். சரியான வரிசை 0.3, 0.412, 0.45. புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாகப் படிக்கிற பிள்ளை 3, 45, 412 என்று பார்த்து 0.3, 0.45, 0.412 என்று எழுதும். இலக்கம் கூடக் கூட எண் சின்னது என்று நினைக்கிற பிள்ளை 0.412, 0.45, 0.3 என்று எழுதும். இந்த இரண்டு தவறும் இரண்டு விதமாக வந்து விழுவதால், காரணத்தையும் விடையே சொல்லிவிடுகிறது. இதே கேள்வியை 0.4, 0.35, 0.308 என்று போட்டுப் பாருங்கள். சரியான வரிசை 0.308, 0.35, 0.4. ‘நீளமானது சின்னது’ என்று நினைக்கிற பிள்ளையும் அதையேதான் எழுதும். நீங்கள் டிக் போட்டு அனுப்பிவிடுவீர்கள், அந்தப் பிள்ளையின் குழப்பம் அப்படியே அடுத்த பாடத்துக்கு வந்துவிடும். அதனால் சீட்டு தயாரிக்கும்போது, வரக்கூடிய ஒவ்வொரு தவறான எண்ணமும் என்ன விடை தரும் என்று நாமே ஒரு முறை எழுதிப் பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தால் சீட்டு வெறும் குட்டித் தேர்வாகிவிடும்.

முழு எண்ணாகப் படிக்கிற பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதும் சீட்டைப் பார்த்துவிட்டுப் பேசினால் தெரிகிறது. ஒரு பையன் சொன்னான், ‘இதுல நாலு கீது சார், அதுல முப்பத்தெட்டு கீது, முப்பத்தெட்டுதான பெர்சு?’ அவன் காதில் 3.38 என்பது மூன்று ரூபாய் முப்பத்தெட்டு காசு மாதிரி விழுகிறது. நாமும்தானே கரும்பலகையில் எழுதிவிட்டு ‘மூணு புள்ளி முப்பத்தெட்டு’ என்று வாசிக்கிறோம். ‘மூன்று புள்ளி மூன்று எட்டு’ என்று வாசித்தாலே பாதிப் பேருக்குச் சந்தேகமாவது வரும்.

ஒரே சீட்டின் குறை, பெஞ்சில் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதுவது. 0.6, 0.78, 0.731 என்று இன்னொரு எண் வரிசை வைத்து ஒன்று விட்டு ஒன்று கொடுத்தால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். இரண்டாவது கேள்வியில் காரணம் எழுதச் சொல்வதால் இன்னொரு சிக்கல்: வீட்டில் தெலுங்கோ உருதோ பேசுகிற பிள்ளைகள் இங்கே நிறைய, கணக்கு தெரிந்தும் தமிழில் வாக்கியம் எழுத முடியாமல் வெறுமையாக விட்டுவிடுவார்கள். படம் போட்டுக் காட்டினாலும் சரி என்று முன்பே சொல்லிவிடுங்கள். மெதுவாக எழுதுபவர்கள் மூன்றாவது கேள்விக்கு வராமல் போவார்கள். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, நமக்கு முக்கியமான கேள்வி முதலில் இருக்கிறது.

அடுத்து மூன்று நிறச் சீட்டு. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததைப் பார்த்துவிட்டு நடுநிலை வகுப்பிலும் அதையே செய்யலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தொடக்க வகுப்பில் அந்தப் பிரிப்புக்கு வலுவான காரணம் இருக்கிறது. ஒரே அறையில் ஒரு பிள்ளை இரண்டு இலக்க எண்ணைப் படிக்கத் திணறுகிறது, இன்னொன்று கடன் வாங்கிக் கழிக்கிறது; ஒரே சீட்டு கொடுத்தால் இரண்டு பேரைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. ஏழாம் வகுப்பில், எல்லோரும் ஒரே பாடத்தைக் கேட்டு முடித்த அன்றைக்கு, நிறச் சீட்டு என்ன செய்கிறது என்றால் நான் கண்டுபிடிக்க வேண்டியதை நானே முன்கூட்டி முடிவு செய்துவிடுகிறது. எளிய சீட்டு வாங்கிய பிள்ளைக்கு 0.45க்கும் 0.46க்கும் நடுவில் எண் இருக்கிறது என்று தெரியுமா என்பது எனக்குக் கடைசி வரை தெரியாது, கேட்கவே இல்லையே. அதைவிட மோசம், கடினச் சீட்டு வாங்கிய ‘நல்லாப் படிக்கிற’ பிள்ளை அடிப்படையில் தடுமாறுவதும் தெரியாது. தசமத்தில் இது சகஜம், பின்னால் பூஜ்ஜியம் சேர்த்து ஒப்பிடும் உத்தியை மனப்பாடம் செய்துகொண்டு வண்டி ஓட்டுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அப்புறம் எந்த நிறம் யாருக்கு என்பது இரண்டாம் நாளே வகுப்புக்குத் தெரிந்துவிடும், எந்தப் பெயர் வைத்தாலும் தெரிந்துவிடும்.

எண் வாசிப்பிலேயே பின்தங்கி இருக்கும் நான்கைந்து பேர் இருந்தால் அவர்களுக்கு மட்டும் தனிச் சீட்டு கொடுப்பேன். மற்றவர்களுக்கு ஒரே சீட்டுதான்.

கை தூக்குவது பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. முன் பெஞ்சு தூக்கினால் பின் பெஞ்சும் தூக்கும். அதைவிட, 0.412தான் பெரியது என்று நினைக்கிற பிள்ளைக்கு எந்தக் குழப்பமும் இல்லை, அது நேர்மையாகவே ‘புரிஞ்சுது’ என்று தூக்கும். ஆனால் அந்த யோசனையைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரே சீட்டின் மூலையில் ஒரு டிக் அல்லது ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள்: டிக் என்றால் நிச்சயம், வட்டம் என்றால் சந்தேகம். முதல் கேள்வி தவறு, மூலையில் டிக். இந்தச் சீட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள், அன்றைக்கே நேரில் பேச வேண்டியவர்கள் இவர்கள்தான்.

இனி அன்றைக்கே பதில் சொல்வது. 38 பேர் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு மையில் ஒவ்வொன்றையும் திருத்தி 3க்கு 2 என்று போட உட்கார்ந்தால் ஒரு பீரியட் முழுக்கப் போய்விடும், பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடும். 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேல் மாணவர்களிடம் செய்த ஆய்வில், கருத்து மட்டும் எழுதி வாங்கிய பிள்ளைகள் முன்னேறினார்கள், கருத்தோடு மதிப்பெண்ணும் சேர்த்து வாங்கியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே மதிப்பெண் வேண்டாம். முதல் கேள்வியின் விடையை மட்டும் பார்த்துச் சீட்டைக் குவியலாகப் போடுங்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும். இப்படி வருகிறது என்று கொள்வோம்: சரி 19, ‘நீளமானது பெரியது’ 12, ‘நீளமானது சின்னது’ 3, வேறு ஏதோ அல்லது வெறுமை 4. குவியலுக்கு ஒரு கேள்வி மட்டும் போதும். 12 பேருக்கு: ‘0.3ஐயும் 0.30ஐயும் நூறு கட்டத்தில் நிழலிடு, எது பெரியது?’ 3 பேருக்கு: ‘எண்கோட்டில் 0.4ஐக் குறி, 0.412 அதற்கு எந்தப் பக்கம்?’ சரியாக எழுதியவர்களில் மூன்றாவது கேள்விக்கு ‘நடுவில் எண் இல்லை’ என்று எழுதியவர்கள் இருந்தால் அவர்களுக்கு: ‘0.450க்கும் 0.460க்கும் நடுவில்?’ கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, சீட்டில் அ, ஆ, இ என்று எழுத்து மட்டும் போட்டுத் தந்தால் போதும். வெறுமையாகத் தந்த 4 பேரிடம் எழுதிக் கேட்பதில் அர்த்தமில்லை, வாயால்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் பாடத்தை எப்போது முழுதாக மாற்றுவது? முதல் கேள்வியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே மாதிரி தவறு என்றால் வகுப்பு முழுக்கத் திரும்ப எடுப்பேன், அது என் கைக்கணக்கு. மேலே சொன்ன வகுப்பில் 12 பேர், மூன்றில் ஒன்றைத் தொடவில்லை ஆனால் நெருங்கிவிட்டது. இங்கே நான் கூட்டல் கழித்தலுக்குப் போவதை ஒரு நாள் தள்ளாமல், முதல் பதினைந்து நிமிடம் மட்டும் பிரிப்பேன்: 12 பேரும் நூறு கட்டத் தாளோடு என்னிடம், 3 பேர் எண்கோட்டோடு, மீதிப் பேர் ‘0.45க்கும் 0.46க்கும் நடுவில் பத்து எண்’ என்று ஜோடியாக. நூறு கட்டத்தில் 0.3 என்பது 30 கட்டம், 0.45 என்பது 45 கட்டம், 0.412 என்பது 41 கட்டமும் ஒரு துணுக்கும். அந்தத் துணுக்கை ஒரு கட்டத்துக்குள் பத்தாகப் பிரித்துக் காட்டும்போதுதான் ‘412’ உடைகிறது. ‘பூஜ்ஜியம் சேர்த்துக்கோ’ என்று சொல்லித் தந்தால் 0.300, 0.450, 0.412 என்று உடனே சரியாக வரிசைப்படுத்துவார்கள், நாமும் நிம்மதியாகிவிடுவோம். ஆனால் அவர்கள் இப்போதும் 300, 450, 412 என்று முழு எண்ணைத்தான் ஒப்பிடுகிறார்கள். அதனால் மறுநாள் சீட்டில் வரிசைப்படுத்தும் கேள்வியைத் திரும்பப் போட வேண்டாம், ‘0.3 மீட்டரும் 0.30 மீட்டரும் ஒன்றா, படம் போட்டுக் காட்டு’ என்று கேளுங்கள்.

நேர அட்டவணை ஒத்துழைக்காத நாள்தான் இதில் பெரிய இடர். கணக்கு கடைசிப் பீரியடில் விழுந்தால், மணி அடித்ததும் ஒடுகத்தூர் பஸ்ஸைப் பிடிக்கிற பிள்ளைகள் பறந்துவிடும், குவியல் பிரித்துத் திருப்பித் தர நேரமே இல்லை. அன்றைக்குச் சீட்டைப் பதினைந்து நிமிடம் முன்னதாகவே வாங்கிவிட்டு, மூன்று விதமான வரிசையையும் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, ‘இதை எழுதினவர் எப்படி யோசிச்சிருப்பார்?’ என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். சீட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ராத்திரி பிரித்துக்கொள்ளலாம், பிள்ளைக்கு வேண்டிய பதில் அதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.